நடுவில் நிற்பவர்களை எங்கே வைப்பது? கருத்தாய்வு விடைகளுக்கு ஓர் இருபக்கப் பட்டை வரைபடம்

சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்திலோ வாசகர் வட்டத்திலோ தொண்டூழியராக இருந்தால், என்றாவது ஒருநாள் ஒரு கருத்தாய்வு உங்கள் தலையில் விழும். கேள்விகளை எழுதுவதும் இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் பெரிய வேலையில்லை. விடைகள் வந்த பிறகுதான் சிக்கல். அடுத்த கூட்டத்தில் செயற்குழுவினர் ஒரு நிமிடம் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி அவற்றை எப்படிக் காட்டுவது?

கூகல் ஃபார்மில் எல்லா வாக்கியங்களையும் ஒரே கட்டமாகக் கேட்டிருந்தால், அதுவே ஒரு படம் வரைந்து கொடுக்கும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஐந்து தூண்கள் பக்கம் பக்கமாக நிற்கும். நான்கு வாக்கியம் என்றால் இருபது தூண். எது உயரம், எது குட்டை என்று கண் அலையுமே தவிர, மக்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பது தெரியாது. அதைக் காட்டுவதற்காகவே ஒரு வரைபட வகை இருக்கிறது. நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. ஒப்புக்கொண்டவர்கள் அதற்கு வலப்பக்கம், ஒப்புக்கொள்ளாதவர்கள் இடப்பக்கம். இதை இருபக்க அடுக்குப் பட்டை வரைபடம் என்று சொல்லலாம். இப்படிப்பட்ட விடைகளுக்கு இதுவே ஏற்றது என்று வாதிட்டு, வரையும் முறையையும் விரிவாக விளக்கியவர்கள் ரிச்சர்ட் ஹைபர்கர், நேயோமி ராபின்ஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள். அவர்களது கட்டுரை 2014இல் வெளிவந்தது. ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’ தொடங்கி ‘அறவே ஒப்புக்கொள்ளவில்லை’ வரை போகும் விடை வரிசை அதைவிட மிகப் பழையது. ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1932இல் முன்வைத்தது அது. அதனால்தான் லிக்கர்ட் அளவுகோல் என்ற பெயர்.

வரைவது எளிது. நடுவில் நிற்பவர்களை, அதாவது ‘இரண்டும் இல்லை’ என்று சொன்னவர்களை, எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. அதைச் சரியாகத் தீர்மானிக்காவிட்டால், அழகான படமே தப்பான செய்தியைச் சொல்லிவிடும். ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

ஐம்பது பெற்றோர், நான்கு வாக்கியங்கள்

ஒரு சமூக மன்றத்தில் சனிக்கிழமை காலையில் சிறுவர்களுக்குத் தமிழ்க் கதை வகுப்பு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது பெற்றோர் நான்கு வாக்கியங்களுக்கு விடையளித்திருக்கிறார்கள். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. அட்டவணையில் இருப்பது ஆட்களின் எண்ணிக்கை.

| வாக்கியம் | அறவே இல்லை | இல்லை | இரண்டும் இல்லை | ஆம் | முழுமையாக ஆம் |
|---|---|---|---|---|---|
| 1. கதை நேரம் பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது | 1 | 2 | 5 | 22 | 20 |
| 2. காலை 9 மணி எங்களுக்கு வசதியான நேரம் | 12 | 9 | 2 | 13 | 14 |
| 3. பிள்ளை வீட்டில் தமிழ் பேசுவது கூடியிருக்கிறது | 2 | 8 | 22 | 16 | 2 |
| 4. வீட்டுப்பாடம் அளவாக இருக்கிறது | 8 | 17 | 10 | 12 | 3 |

இதைப் பார்த்ததும் பலரும் செய்வது சராசரி எடுப்பது. ‘அறவே இல்லை’க்கு 1, ‘முழுமையாக ஆம்’க்கு 5 என்று மதிப்பெண் கொடுத்துக் கூட்டி, ஐம்பதால் வகுப்பார்கள். அப்படிச் செய்தால் இரண்டாம் வாக்கியத்துக்கு 3.16 வரும். மூன்றாம் வாக்கியத்துக்கும் அதே 3.16தான் வரும்.

ஆனால் அந்த இரண்டு வரிசைகளையும் திரும்ப ஒருமுறை பாருங்கள். இரண்டாவதில் பெற்றோர் இரு அணியாகப் பிரிந்து நிற்கிறார்கள். 27 பேருக்கு ஒன்பது மணி வசதி, 21 பேருக்கு வசதியில்லை, நடுவில் வெறும் 2 பேர். துணைப்பாட வகுப்பும் நீச்சல் வகுப்பும் சனிக்கிழமை காலையில்தான் என்றால் இப்படித்தான் ஆகும். மூன்றாவதில் சண்டையே இல்லை. கிட்டத்தட்டப் பாதிப் பேர், 22 பேர், எந்தப் பக்கமும் போகவில்லை. ஒன்றுக்கு வகுப்பு நேரத்தைப் பற்றி உட்கார்ந்து பேசவேண்டும். மற்றொன்றுக்கு இன்னும் சில மாதம் கழித்துத் திரும்பக் கேட்கவேண்டும். இரண்டையும் 3.16 என்ற ஓர் எண் ஒன்றாக்கிவிடுகிறது.

சரி, இப்போது படத்துக்கு வருவோம். முதலில் எண்ணிக்கையை விழுக்காடாக மாற்றவேண்டும். ஐம்பது பேர் என்பதால் ஓர் ஆளுக்கு 2 விழுக்காடு, கணக்கு சுலபம். பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு கிடைமட்டப் பட்டை. நடுக்கோட்டை ஒட்டி வலப்பக்கம் ‘ஆம்’, அதற்கு அப்பால் ‘முழுமையாக ஆம்’. இடப்பக்கம் கோட்டை ஒட்டி ‘இல்லை’, அதற்கு அப்பால் ‘அறவே இல்லை’. உணர்ச்சி கூடக்கூடக் கோட்டிலிருந்து தள்ளிப்போகும்.

பட்டைகளைத் தூணாக நிறுத்தாமல் படுக்கவைப்பதற்கு நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ் வாக்கியங்கள் நீளம். தூண்களுக்கு அடியில் எழுதினால் மென்பொருள் அவற்றைச் சாய்த்துவிடும், கழுத்தைத் திருப்பித்தான் படிக்கவேண்டும்.

நடுவில் இருப்பவர்கள்

வழக்கமான முறை, நடுநிலை விடையைச் சரிபாதியாக வெட்டுவது. பாதி கோட்டுக்கு இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். பார்ப்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, பல மென்பொருள்களும் இப்படித்தான் வரைகின்றன. நம் எண்களை வைத்து வரைந்தால் என்ன ஆகிறது?

இரண்டாம் வாக்கியத்தில் ‘இரண்டும் இல்லை’ 4 விழுக்காடு. அதில் 2 இடப்பக்கம், 2 வலப்பக்கம். வலப்பக்கம் ‘ஆம்’ 26, ‘முழுமையாக ஆம்’ 28. மொத்தம் 56. ஆக, பட்டையின் வலமுனை 56இல் முடிகிறது.

மூன்றாம் வாக்கியத்தில் ‘இரண்டும் இல்லை’ 44 விழுக்காடு. பக்கத்துக்கு 22. வலப்பக்கம் ‘ஆம்’ 32, ‘முழுமையாக ஆம்’ 4. கூட்டினால் 58.

இரண்டு பட்டைகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் முடிகின்றன. கொஞ்சம் தள்ளிப்போவதுகூட மூன்றாவதுதான். தூரத்துத் திரையில் இதைப் பார்க்கும் ஒருவர், மூன்றாம் வாக்கியத்துக்குத்தான் ஆதரவு ஒரு பிடி கூடுதல் என்று எண்ணுவார். உண்மையில் ஒப்புக்கொண்டவர்கள் இரண்டாவதில் 54 விழுக்காடு, மூன்றாவதில் 36தான். கயிறு இழுக்கும் போட்டியில், ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவர்களைப் பாதிப் பாதியாக இரண்டு அணியிலும் நிற்கவைத்துப் படம் எடுத்த மாதிரி.

இது தற்செயலாக நடந்ததில்லை. பாதியாக வெட்டும் முறையில் வலமுனை எங்கே முடியும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஒப்புக்கொண்டவர் விழுக்காட்டிலிருந்து ஒப்புக்கொள்ளாதவர் விழுக்காட்டைக் கழியுங்கள். வருவதைப் பாதியாக்கி 50உடன் கூட்டுங்கள். அதுதான் வலமுனை. இரண்டாவதில் 54 கழித்தல் 42, அதாவது 12. பாதி 6. வலமுனை 56. மூன்றாவதில் 36 கழித்தல் 20, அதாவது 16. பாதி 8. வலமுனை 58. ஆகப் பட்டையின் முனை காட்டுவது வித்தியாசத்தை மட்டும்தான். எத்தனை பேர் ஒப்புக்கொண்டார்கள் என்பதை அது காட்டவே காட்டாது. பார்ப்பவரோ முனையைத்தான் முதலில் பார்ப்பார், அதை ‘எத்தனை பேர்’ என்றுதான் படிப்பார்.

வித்தியாசம் மட்டும் போதும் என்றால் இந்த முறையில் தவறில்லை. ஆனால் செயற்குழுக் கூட்டத்தில் யாரும் வித்தியாசத்தைக் கேட்பதில்லை. “எத்தனை பேருக்கு ஒத்துவருகிறது, எத்தனை பேருக்கு ஒத்துவரவில்லை?” என்றுதான் கேட்பார்கள்.

அதனால் நான் பரிந்துரைப்பது, நடுநிலையை நடுவிலிருந்து வெளியே எடுத்துவிடுவது. வலப்பக்கம் ஓரமாக, தனிப் பத்தியில், சாம்பல் நிறத்தில் வையுங்கள். நடுக்கோட்டின் இரு பக்கமும் நிஜமாகவே பக்கம் எடுத்தவர்கள் மட்டும் இருக்கட்டும். இப்போது இரண்டாம் வாக்கியம் இடப்பக்கம் 42 வரையும் வலப்பக்கம் 54 வரையும் நீளும். மூன்றாவது 20 வரையும் 36 வரையும்தான். இரண்டாவது நீளமான பட்டை, மூன்றாவது குட்டைப் பட்டை. ஓரத்தில் மூன்றாவதற்கு நேராக 44 விழுக்காட்டுக்கு ஒரு பெரிய சாம்பல் கட்டம் நிற்கும், இரண்டாவதற்கு நேராக ஒரு கீற்று. கருத்து பிளவுபட்டது எது, கருத்தே உருவாகாதது எது என்பது அப்போது தானாகத் தெரிந்துவிடும்.

நடுநிலையை அடியோடு தூக்கி எறிந்துவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. கூடாது. மூன்றாவதில் 22 பேரை விட்டுவிட்டு மிச்சம் 28 பேருக்கு விழுக்காடு போட்டால், ஒப்புக்கொண்டவர்கள் 64 விழுக்காடு என்று வரும். 36ஐ 64 ஆக்குவது கணக்கு இல்லை, கண்கட்டு.

நான்கே விடைகள் உள்ள, நடுவே இல்லாத கருத்தாய்வாக இருந்தால் இந்தத் தலைவலி கிடையாது.

எக்செலில் வரைவது

எக்செலில் இதற்கென்று தனி வரைபட வகை இல்லை. ஆனால் எதிர்ம எண்களை அது கோட்டுக்கு இடப்பக்கம் வரையும். அந்தக் குணத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அட்டவணை மேலே உள்ள வரிசையிலேயே இருக்கட்டும். A பத்தியில் வாக்கியம், B முதல் F வரை ஐந்து விடைகளின் எண்ணிக்கை, முதல் வரியில் தலைப்புகள். G பத்தியிலிருந்து வரைவதற்கென்று இன்னோர் அட்டவணை போடுகிறோம். அதற்கும் முதல் வரியில் தலைப்பு எழுதிவிட்டு, இரண்டாம் வரியில் இவற்றை இட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்.

```
G2: =A2
H2: =-C2/SUM($B2:$F2)
I2: =-B2/SUM($B2:$F2)
J2: =E2/SUM($B2:$F2)
K2: =F2/SUM($B2:$F2)
L2: =1-J2-K2
M2: =D2/SUM($B2:$F2)
```

H, I இரண்டின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் ‘இல்லை’, அப்புறம்தான் ‘அறவே இல்லை’. எக்செல் முதலில் வருவதைக் கோட்டை ஒட்டி வைத்து, அடுத்ததை அதற்கு வெளியே அடுக்கும். மாற்றிப்போட்டால் ‘அறவே இல்லை’ என்பவர்கள் நடுக்கோட்டை ஒட்டி வந்துவிடுவார்கள். படம் பார்க்க நன்றாகவே இருக்கும், அதனால் யாருக்கும் தப்பு தெரியாது. சரிபார்க்க ஒரு வழி, நான்காம் வாக்கியத்தைப் பாருங்கள். அங்கே கோட்டை ஒட்டி இருக்கவேண்டியது 34 விழுக்காடு உள்ள பெரிய துண்டு, வெளியே இருக்கவேண்டியது 16 உள்ள சிறியது.

L பத்திதான் சூட்சுமம். அது ஓர் இடைவெளி. ஒப்புக்கொண்டவர்களுக்கு அப்புறம் 100 விழுக்காடு வரை உள்ள காலி இடத்தை அது நிரப்புகிறது. அதனால் M பத்தியில் உள்ள நடுநிலைக் கட்டங்கள் எல்லா வரியிலும் ஒரே இடத்தில் தொடங்கும். வரைந்த பிறகு L துண்டைத் தேர்ந்தெடுத்து `No fill` கொடுத்தால் அது கண்ணுக்கு மறைந்துவிடும்.

G1 முதல் M5 வரை தேர்ந்தெடுத்து `Stacked Bar` வரைபடத்தைச் செருகுங்கள். வாக்கியத்துக்கு ஒரு பட்டை என்று வராமல் விடைக்கு ஒரு பட்டை என்று வந்தால், `Switch Row/Column` என்பதை அழுத்துங்கள். பக்கத்திலேயே `100% Stacked Bar` என்று ஒன்று இருக்கும், அது வேண்டாம். அது இடைவெளியையும் ஒரு விடையாக எண்ணி, எல்லா நீளங்களையும் மாற்றிவிடும்.

படம் வந்ததும் மூன்று விஷயம் கோணலாக இருக்கும். வாக்கியங்களின் பெயர்கள் நடுக்கோட்டில், பட்டைகளின் மேலேயே ஏறி நிற்கும். செங்குத்து அச்சின் அமைப்பில் `Label Position` என்பதை `Low` ஆக்கினால் இடது ஓரத்துக்குப் போய்விடும். முதல் வாக்கியம் அடியில் இருக்கும். அதே இடத்தில் `Categories in reverse order` என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாவது, இடப்பக்க எண்கள் கழித்தல் குறியோடு வரும். எதிர்ம 42 விழுக்காடு பேர் என்று யாரும் கிடையாது. எண்களின் வடிவமைப்பில் இப்படி எழுதுங்கள், குறி போய்விடும்.

```
0%;0%
```

கிடைமட்ட அச்சு எண்களை நீக்கிவிடுவது நல்லது. நடுநிலைக் கட்டங்கள் 100 விழுக்காட்டுக்கு அப்பால் நிற்பதால் அச்சில் 100க்கு மேலும் எண்கள் வரும், பார்ப்பவர் குழம்புவார். அதற்குப் பதில் துண்டுகளுக்குள்ளேயே விழுக்காட்டை எழுதலாம். முதல் வாக்கியத்தின் 2, 4 போன்ற கீற்றுகளுக்குள் எண் அடங்காது. அங்கே இடப்பக்க மொத்தம் 6 என்று மட்டும் பட்டைக்கு வெளியே எழுதினால் போதும்.

எக்செல் தரும் குறிவிளக்கப் பெட்டியையும் அழித்துவிடுங்கள். ‘இல்லை, அறவே இல்லை, ஆம்…’ என்று நாம் பத்திகளைப் போட்ட வரிசையிலேயே அது இருக்கும், படத்தின் வரிசைக்குப் பொருந்தாது. முதல் பட்டைக்கு மேலே, அந்தந்தத் துண்டின் நிறத்திலேயே, விடைகளின் பெயரை எழுத்துப் பெட்டியாகப் போடுவது எனக்குப் பிடித்த வழி. கொஞ்சம் கைவேலைதான்.

நிறமும் வரிசையும்

ஒரு பக்கத்துக்கு ஒரு நிறம், ஓரத்துக்குப் போகப்போக அடர்த்தி. ‘ஆம்’ வெளிர் நீலம் என்றால் ‘முழுமையாக ஆம்’ அடர் நீலம். மறுபக்கம் வெளிர் ஆரஞ்சு, அடர் ஆரஞ்சு. பச்சை, சிவப்பு என்று போடத்தான் கை போகும். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள், குறிப்பாக ஆண்களில், கூட்டத்துக்கு ஒருவராவது இருக்க வாய்ப்புண்டு. தவிர, சிவப்பைப் பார்த்தாலே ஏதோ ஆபத்து என்று தோன்றும். ஒருவர் ‘வீட்டுப்பாடம் அதிகம்’ என்று நினைப்பது ஆபத்து இல்லை.

வாக்கியங்களைக் கேட்ட வரிசையில் வைக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஒப்புக்கொண்டவர் மொத்தத்தின்படி மேலிருந்து கீழே அடுக்கினால் படம் படிக்க எளிதாகும். நம் எடுத்துக்காட்டில் 84, 54, 36, 30 என்று ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது. வித்தியாசத்தின்படி அடுக்கினால் இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறிவிடும். எதன்படி அடுக்கினீர்கள் என்பதைப் படத்துக்கு அடியில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இந்தப் படத்தால் முடியாதவை

கண் நீளங்களை நன்றாக ஒப்பிடவேண்டுமானால் அவை ஒரே கோட்டில் தொடங்கவேண்டும். நம் படத்தில் ‘ஆம்’ துண்டுகளும் ‘இல்லை’ துண்டுகளும் நடுக்கோட்டில் தொடங்குகின்றன. இரு பக்க மொத்தங்களும் அப்படியே. ஆனால் ‘முழுமையாக ஆம்’ துண்டுகள் ஒவ்வொரு வரியிலும் ஒவ்வோர் இடத்தில் தொடங்கும். முதல் வாக்கியத்தில் 44இல், இரண்டாவதில் 26இல். அவற்றில் எது நீளம் என்று கண்ணால் சொல்வது கடினம், உள்ளே எழுதிய எண்ணைத்தான் படிக்கவேண்டும். தீவிர ஆதரவாளர்கள் எத்தனை பேர் என்பது மட்டும்தான் உங்கள் கேள்வி என்றால், அந்த ஒரு விடையை மட்டும் சாதாரணப் பட்டையாக வரைந்துவிடலாம்.

கேள்வித்தாளிலேயே செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கொடுக்கவில்லை என்றால், அவர்களின் பெற்றோர் நான்காம் வாக்கியத்துக்கு என்ன விடை தருவார்கள்? வேறு வழியில்லாமல் ‘இரண்டும் இல்லை’ என்று தட்டிவிட்டுப் போவார்கள். அது நடுநிலை இல்லை. ‘எங்களுக்குப் பொருந்தாது’ என்று ஆறாவதாக ஒரு தெரிவு கொடுத்து, அவர்களைக் கணக்கிலிருந்து விலக்கவேண்டும். அப்போது அந்த வரிக்கு விடையளித்தவர்கள் ஐம்பதுக்குக் குறைவாக இருப்பார்கள். சூத்திரத்தில் `SUM` ஒவ்வொரு வரிக்கும் தனியாக இருப்பது இதற்காகத்தான். வாக்கியத்துக்குப் பக்கத்தில் ‘41 பேர்’ என்பதுபோல் எண்ணிக்கையைக் குறித்துவிடுங்கள்.

அப்புறம், எல்லா வாக்கியங்களும் ஒரே திசையில் இருக்கவேண்டும். ‘வகுப்புக் கட்டணம் அதிகம்’ என்று ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தால், அங்கே வலப்பக்கம் நீள்வது மனக்குறை. மற்ற நான்கிலும் வலப்பக்கம் நீள்வது மனநிறைவு. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஐந்துமே நல்ல செய்தியாகத் தெரியும். அதைச் சமாளிக்க விடைகளைத் திருப்பிப்போட்டு ‘கட்டணம் அதிகமில்லை’ என்று பெயர் மாற்றுவார்கள் சிலர். பெற்றோரிடம் கேட்டது அந்த வாக்கியம் இல்லையே. கேட்ட சொற்களிலேயே, கொஞ்சம் இடம் விட்டு, ‘இங்கே வலப்பக்கம் என்றால் குறை’ என்ற குறிப்போடு தனிப் படமாகக் கீழே வைப்பதே சரி.